கலைச்சொல் வேணும்: டைம்ஸோன் மாறினதால தப்பான மணிக்கு ஓடுற வேலை

கார்த்திக்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஷெட்யூலர் மென்பொருளோட எச்சரிக்கை வரிகளை தமிழாக்கிட்டு இருக்கேன், அதுல ஒரு வரி மாட்டிக்கிச்சு. வேலையை எழுதினவர் ஒரு டைம்ஸோனை மனசுல வச்சு "ராத்திரி 2 மணி"ன்னு எழுதுறாரு, ஆனா சர்வர் யூடிசில ஓடுது, அதனால வேலை காலைல 7:30-க்கு ஓடுது. இந்த நிலைமைக்கு ஒரே சொல்லா என்ன போடலாம்? டைம்ஸோனுக்கு "நேர வலயம்" ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதை மாத்த வேண்டாம். நான் தற்காலிகமா "நேரத் தவறு"ன்னு போட்டு வச்சிருக்கேன், ஆனா அது சப்புன்னு இருக்கு.

பிரபு:
இது எனக்கும் நடக்குது ப்ரோ. என் மெஷின்ல பேக்கப் 1 மணிக்கு ஆரம்பிக்கணும், சில நாள் 1:04, சில நாள் 1:20, ஒரு நாள் 1:50. நேரம் ஒத்துப்போகலன்னு என்டிபி எல்லாம் போட்டு பாத்தாச்சு. "கடிகாரப் பிழை"ன்னு வைங்க, எல்லாருக்கும் புரியும்.

நஸீமா:
பிரபு, உங்களோடது வேற கேஸ். தினமும் வேற வேற அளவு தள்ளிப்போகுதுன்னா பெரும்பாலும் முன்னாடி ஓடின வேலை லாக்கை விடாம வச்சிருக்கும், இல்லன்னா மெஷின்ல லோடு இருக்கும். கார்த்திக் கேக்குற கேஸ்ல வித்தியாசம் நாள் தவறாம ஒரே அளவு, அவர் சொன்னதுல சரியா அஞ்சரை மணி. நிமிஷம் கூட பிசகாது. அந்த மாதிரி ரவுண்டான வித்தியாசம் தெரிஞ்சாலே முதல்ல வலயத்தைத்தான் பாக்கணும். வருஷத்துல ரெண்டு தடவ கடிகாரத்தை மாத்துற ஊர்கள்ல மட்டும் அந்த வித்தியாசம் சீசனுக்கு ஒரு மணி நேரம் கூடும் குறையும்.

"கடிகாரப் பிழை" ஏன் ஒத்துவராதுன்னா கடிகாரம் சரியாத்தான் இருக்கு. க்ரானும் தப்பு பண்ணல, அது நம்புற 2 மணிக்கு டாண்ணு ஓடிருச்சு, லாக்ல பாத்தாலும் 02:00:01-ன்னுதான் இருக்கும். அதனாலதான் லாக் மட்டும் பாக்குறவங்களுக்கு இது கண்ணுலயே படாது. லாக் நேரத்துக்குப் பக்கத்துல பல சர்வர்கள்ல வலயம் எழுதியிருக்காது, இந்த வரியை ஓட்டிப் பாத்தாதான் தெரியும்:

```
date '+%F %T %z'
```

கடைசில `+0000` வந்தா சர்வர் யூடிசி. சொல் தேடும்போதும் இத மனசுல வைங்க: "தாமதம்", "தவறு", "கடிகாரம்" மூணுமே படிக்கிறவரை வேற பக்கம் இழுத்துட்டு போயிரும்.

இளங்கோ:
அன்புள்ள கார்த்திக் தம்பி, "வலய முரண்" என்று வைக்கலாமே. இரண்டு வலயங்கள், அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, சொல் சுருக்கமாகவும் உள்ளது. "முரண்" ஏற்கெனவே பல இடங்களில் மோதலையும் ஒவ்வாமையையும் குறிக்கப் பயன்படுவதால் புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியிராது.

தேன்மொழி:
இளங்கோ ஐயா சொன்னது நல்லாருக்கு. ஆனா இதுக்கு எச்சரிக்கை வரியே தேவையா? க்ரான்டேப் மேல `TZ=Asia/Kolkata`ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சிது, அப்புறம் எல்லாம் நம்ம நேரத்துலதான் ஓடும்.

நஸீமா:
பாதி சரி தேன்மொழி. டெபியன்ல வர்ற க்ரான்ல அந்த வரி ஓடுற கமாண்டுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், எத்தன மணிக்கு ஓடணும்ங்கிற முடிவுக்கு சேராது, அதோட மேன் பக்கத்துலயே இது எழுதிருக்கு. ஃபெடோரா பக்கம் இருக்குற க்ரோனில `CRON_TZ`ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது நேர்மாறு: மணியை மாத்தும், கமாண்டுக்குள்ள இருக்குற நேரத்தை மாத்தாது. ரெண்டும் வேணும்னா ரெண்டையும் எழுதணும்:

```
CRON_TZ=Asia/Kolkata
TZ=Asia/Kolkata
0 2 * * * /usr/local/bin/report.sh
```

இது ஏன் முக்கியம்னா, நான் பாத்த ஒரு சர்வர் கதையைச் சொல்றேன். தினசரி கணக்கு அறிக்கை, ராத்திரி 2 மணிக்கு ஓடி முந்தின நாள் கணக்கை எடுக்கணும். ஸ்க்ரிப்ட்டுக்குள்ள தேதி இப்படி எடுத்திருந்தாங்க:

```
DAY=$(date -d yesterday +%F)
```

க்ரான்ல `0 2 * * *`. சர்வர் யூடிசி, அதனால நம்ம நேரம் 7:30-க்கு ஓடுச்சு. 5-ம் தேதி காலைல ஓடினா யூடிசிலயும் அது 5-ம் தேதி 2 மணிதான், "நேத்து"ன்னா 4-ம் தேதி, அறிக்கைல இருந்த எண்ணெல்லாம் சரி. லேட்டா வருதுன்னு மட்டும்தான் புகார். யாரோ ஒருத்தர் அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சு இப்படி மாத்தி விட்டாங்க:

```
30 20 * * * /usr/local/bin/report.sh
```

இப்ப நம்ம நேரம் ராத்திரி 2 மணிக்கு டாண்ணு வருது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா நம்ம 5-ம் தேதி ராத்திரி 2 மணின்னா யூடிசில இன்னும் 4-ம் தேதி 20:30, ஸ்க்ரிப்ட்டுக்கு "நேத்து"ன்னா 3-ம் தேதி! அதாவது லேட்டா வந்தப்ப சரியா இருந்த அறிக்கை, நேரத்துக்கு வர ஆரம்பிச்சதும் ஒரு நாள் பழசா போச்சு, அதுவும் எரர் எதுவும் வராம. எக்ஸிட் கோட் பூஜ்யம், ஃபைல் சைஸும் ஏறக்குறைய அதே. பக்கத்து பக்கத்து நாள் எண்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரியே இருக்கும், மொத்தத்தைக் கூட்டிப் பாக்குற வரைக்கும் யாரும் கவனிக்க மாட்டாங்க.

அதனால சொல்லு மணியை மட்டும் பிடிச்சுக்கிட்டா பத்தாது, தேதியும் சேந்துதான் போகுது.

கார்த்திக்:
அக்கா இது பயங்கரமா இருக்கே. அப்ப கழிச்சு எழுதுற வழியே தப்பா?

நஸீமா:
தினசரி வேலைக்கு சமாளிக்கலாம், ஸ்க்ரிப்ட்ல `TZ` கொடுத்தா போதும். கிழமை சொல்லியிருந்தா கிழமையையும் ஒண்ணு பின்னாடி நகர்த்தணும், திங்கள் ராத்திரி 2 மணி யூடிசில ஞாயிறு 20:30. மாசம் பிறந்ததும் ஓடுற வேலைன்னாதான் உண்மையான சிக்கல். நம்ம 1-ம் தேதி 2 மணி யூடிசில போன மாசத்தோட கடைசி நாள், அது 28-ஆ 29-ஆ 30-ஆ 31-ஆன்னு சாதா க்ரானுக்கு எழுதவே வழியில்ல. அப்படியே `30 20 1 * *`ன்னு எழுதினா 2-ம் தேதிதான் ஓடும். கடைசி நாலு நாளும் எழுப்பிவிட்டு, நம்ம பக்கம் 1-ம் தேதியா இருந்தா மட்டும் ஓட்டுன்னு சொல்றதுதான் வழி:

```
30 20 28-31 * * [ "$(TZ=Asia/Kolkata date +\%d)" = 01 ] && /usr/local/bin/month.sh
```

க்ரான்டேப்புக்குள்ள `%`க்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும், இல்லன்னா அந்த இடத்துலயே வரி வெட்டுப்பட்டுரும். இவ்வளவு கூத்து வேண்டாம்னா சிஸ்டம்டி டைமர்ல வலயத்தையே சேத்து எழுதலாம், `OnCalendar=*-*-01 02:00:00 Asia/Kolkata`. அடுத்து எப்ப ஓடும்னு `systemd-analyze calendar` கிட்ட முன்கூட்டியே கேட்டும் பாத்துக்கலாம். ஸ்க்ரிப்ட்டுக்குள்ள தேதி எடுத்தா அந்த டைமர் ஓட்டுற சர்வீஸ் ஃபைல்ல தனியா `Environment=TZ=Asia/Kolkata` வேணும், அதை மறந்துராதீங்க.

பிரபு:
சர்வரையே நம்ம டைம்ஸோனுக்கு மாத்திட்டா? `timedatectl set-timezone` ஒரே வரிதானே.

நஸீமா:
ஒரே ஊர்ல உக்காந்து ஒரே குழு பாக்குற சர்வர்னா செய்யலாம், நான் எதிர்க்க மாட்டேன். மாத்தினப்புறம் க்ரானை ரீஸ்டார்ட் பண்ணணும், அது ஆரம்பிச்சப்ப படிச்ச வலயத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். `date` புது நேரம் காட்டும், வேலை பழைய நேரத்துல ஓடும், பாக்குறவருக்கு தலை சுத்தும்.

தேன்மொழி:
நான் கன்டெய்னர்ல `TZ=IST` போட்டிருக்கேன், `date` அடிச்சா ஐஎஸ்டின்னு தான் காட்டுது, ஆனா வேலை யூடிசில ஓடுது. இதுவும் இந்த வகைதானா?

நஸீமா:
ஆமா, இதுதான் இருக்கறதுலயே விஷமமான வகை. `IST`ன்னு ஒரு வலய ஃபைல் கிடையாது. ஜிலிப்சி அந்தப் பேரைத் தேடும், கிடைக்கலன்னா எரர் கொடுக்காது, பேரை மட்டும் வச்சுக்கிட்டு வித்தியாசம் பூஜ்யம்னு எடுத்துக்கும். லேபிள் ஐஎஸ்டி, உள்ள இருக்குறது யூடிசி. கன்டெய்னர்ல `tzdata` இல்லன்னா `Asia/Kolkata`ன்னு சரியா எழுதினாலும் இதே கதிதான், `date` வரில "Asia"ன்னு மட்டும் வரும். எழுத்துப்பிழை விட்டாலும் அப்படித்தான். அதனாலதான் முதல்லயே `%z` பாக்கச் சொன்னேன், பேரை நம்பக்கூடாது, எண்ணைத்தான் நம்பணும், `+0530` வரணும்.

இளங்கோ:
நஸீமா சொல்வதைக் கேட்ட பின் என் சொல்லிலேயே எனக்கு ஓர் ஐயம். "முரண்" என்றால் இரண்டும் வெளிப்படையாக மோதுகின்றன என்ற பொருள் வருகிறது. இங்கே மோதலே தெரியவில்லையே, எல்லாம் அமைதியாக நடந்து தவறான நாளின் கணக்கு வருகிறது.

கார்த்திக்:
"வலயப் பிசகு" எப்படி ஐயா? கை பிசகிக்கிச்சுன்னு சொல்றோம்ல, எலும்பு உடையல, மூட்டு இடம் மாறிருச்சு அவ்வளவுதான். இங்கயும் கடிகாரம், க்ரான், ஸ்க்ரிப்ட் எதுவும் உடையல, பொருந்துற இடம்தான் மாறிருச்சு. மணி பிசகினாலும் தேதி பிசகினாலும் ரெண்டுக்கும் ஒத்துவருது.

நஸீமா:
எனக்கு பிடிச்சிருக்கு. ஆனா எச்சரிக்கை வரில அந்தச் சொல் மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல. எந்த வலயத்துல எழுதினது, எந்த வலயத்துல ஓடுதுங்கிற ரெண்டும் அதே வரில வரணும், அதுக்கும் பேர் வேணும். "குறித்த வலயம்", "ஓடும் வலயம்"னு வச்சா?

இளங்கோ:
"குறித்த வலயம்" நன்று. "ஓடும் வலயம்" என்றால் வலயம் ஓடுவது போலப் படுகிறது. "வழங்கி வலயம்" என்று வைத்துவிடலாம்.

நஸீமா:
வழங்கின்னு வச்சா குபர்நெட்டிஸ்ல மாட்டும் ஐயா. அங்க `timeZone` குறிப்பிடலன்னா வேலை ஓடுற மெஷினோட வலயத்தைப் பாக்க மாட்டாங்க, கன்ட்ரோலர் மேனேஜர் எந்த வலயத்துல இருக்கோ அதைத்தான் எடுத்துக்குவாங்க. எந்த வழங்கின்னு கேள்வி வந்துரும்.

தேன்மொழி:
"கணிக்கும் வலயம்"? அடுத்த ஓட்டத்தை எது கணிக்குதோ அதோட வலயம்.

இளங்கோ:
கணித்தல் என்றால் சோதிடம் போல இருக்கிறதே அம்மா.

தேன்மொழி:
ஐயா, ராத்திரி 2 மணி காலை 7:30 ஆனதுக்கு சோதிடம் பரவால்ல 😄

கார்த்திக்:
சரி, இப்போதைக்கு இப்படி ஏத்தறேன், ரெண்டாவது வலயத்துக்கு நல்ல சொல் வந்தா அடுத்த வெளியீட்டுல மாத்திக்கலாம்:

"வலயப் பிசகு: குறித்த வலயம் Asia/Kolkata (+0530), அட்டவணை கணிக்கப்படும் வலயம் UTC (+0000). அடுத்த ஓட்டம் குறித்த வலயப்படி 07:30."

நஸீமா:
அடுத்த ஓட்டத்துக்கு தேதியையும் போட்டுருங்க கார்த்திக், மணி மட்டும் போதாது.