லிட்டருக்கு 65 கொடுக்கிற வண்டி எங்கே விற்கிறது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
எண்ணூரிலிருந்து கிண்டி எஸ்டேட்டுக்குப் போக வர 60 கிலோமீட்டர். இதற்கு இன்னும் பஸ் பாஸ், சீசன் என்று அலைகிறவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று அர்த்தம். என் 125 சிசி வண்டி லிட்டருக்கு 65 கொடுக்கிறது. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் பெட்ரோல்கூட ஆகவில்லை. பைக் வாங்குங்கள், மனுஷனாக வேலைக்குப் போங்கள்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
65-ஆ? தம்பி, இருபது வருஷத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எண்ணூரிலிருந்து வேலை நாளில் கிண்டி போய் வருகிற 125 சிசி வண்டி எதுவும் 65 கொடுத்து நான் பார்த்ததில்லை. எந்தப் பங்கில் எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அளக்க என்ன இருக்கிறது? மீட்டரிலேயே காட்டுகிறது. ஆவரேஜ் 65.2. கண் இருக்கிறவர்கள் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
நினைத்தேன். மீட்டரில் வருவது வண்டி தானே போட்டுக்கொள்கிற மதிப்பீடு. ட்ரிப்பை ரீசெட் செய்துவிட்டு நல்ல ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் 70 என்றுகூடக் காட்டும். கம்பெனி சொல்கிற கணக்கும் அப்படித்தான், உருளை மேல் வண்டியை ஏற்றி ஓட்டி எடுத்தது. அங்கே கன்டெய்னர் லாரியும் கிடையாது, குழியும் கிடையாது.

சரியாக அளக்க வேண்டுமென்றால் டேங்கை ஃபுல் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாசில் முதல் தடவை தானாக நிற்கிற இடத்தோடு விட்டுவிடுங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் மட்டும் ஓட்டுங்கள். நாலைந்து நாள் கழித்து அதே பங்கில், அதே மாதிரி ஸ்டாண்ட் போட்டு மறுபடி ஃபுல். இரண்டாம் தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் ஓடிய கிலோமீட்டரை வகுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு இப்படித்தான் போட்டுக் காட்டினேன். உங்கள் ரூட்டேதான், 125 சிசிதான். 248 கிலோமீட்டர் ஓடியது, 5.4 லிட்டர் பிடித்தது. 46-கூட முழுசாக இல்லை. அதே வண்டி ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பக்கம் காலி ரோட்டில் 60-ஐத் தொட்டது. வண்டியில் குறை இல்லை, ரோடுதான்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் வரிசை நிற்கிற நாளில் முதல் கியரும் பாதி கிளட்சுமாகத்தானே போகிறீர்கள்? நகராமலே பெட்ரோல் எரிகிறது. அதோடு மணலி தூசி ஏர் ஃபில்டரை அடைக்கிறது, கடல் காற்றில் செயின் துருப்பிடித்து இறுகுகிறது. மற்ற ஏரியாக்காரர்கள் செயினுக்கு எண்ணெய் விடுகிற இடைவெளி நம் பக்கத்துக்குப் பத்தாது.

விம்கோ வாசி:
இரண்டு பேரும் எதற்குச் சண்டை? விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். 2021-லிருந்து ஓடுகிறது. ஐம்பது ரூபாய் டிக்கெட், கார்டில் தேய்த்தால் 20 சதவீதம் தள்ளுபடி, நாற்பதுதான். போக வர எண்பது. ஏசியில் தூங்கிக்கொண்டே போகலாம். பைக், பஸ் இரண்டும் வேஸ்ட்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
பேச்சு பைக்கா, பாஸா என்பது. மெட்ரோவை யார் கேட்டது? எண்ணூர்க்காரர் விம்கோ வரைக்கும் எப்படி வருவார், நீச்சலடித்தா?

65 விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 25 நாள் வைத்தால் 1500 கிலோமீட்டர். உங்கள் 65 கணக்கில் 23 லிட்டர். என் கணக்கில் 45 என்று வைத்தால் 33 லிட்டருக்கு மேல். லிட்டர் 101 ரூபாய் என்றே போடுங்கள், இரண்டுக்கும் நடுவில் மாதம் ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. அந்த ஆயிரம்தான் எம்டிசியின் மாத பாஸ். ஏசி பஸ்ஸைத் தவிர எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். நீங்கள் மீட்டரைப் பார்த்து ஏமாந்த தொகையில் ஒருத்தர் மாதம் முழுக்க ஊரைச் சுற்றி வருவார்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அண்ணே, பணத்தை மட்டும் எண்ணுகிறீர்கள், நேரத்தை யார் எண்ணுவது? கும்மிடிப்பூண்டி வண்டி பேசின் பிரிட்ஜ் அவுட்டரில் நிற்கிற நேரத்தில் நான் மவுண்ட் ரோடு போய்விடுவேன். எக்ஸ்பிரஸ் வண்டி, கூட்ஸ் எல்லாம் போன பிறகுதான் நம் லோக்கலுக்கு சிக்னல். மூர் மார்க்கெட்டில் இறங்கி, சுரங்கப்பாதையில் முட்டி மோதிப் பார்க் ஸ்டேஷன் போய், தாம்பரம் வண்டியில் தொங்கி, கிண்டியில் இறங்கி, அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ. அந்த ஆட்டோ காசை உங்கள் கணக்கில் காணோமே? போக வர நாற்பது ரூபாய் என்றால் அதுவே மாதம் ஆயிரம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பத்தரைக்கு வெளியே வந்தால் சீசனை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
ஷேர் ஆட்டோவைப் பற்றி நான் பேசவே இல்லை. 65 என்று சொன்னீர்கள். அதை நிரூபியுங்கள்.

கத்திவாக்கம் கலா:
நான் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சார் வண்டியைக் கடனில் வாங்கினாரா, ரொக்கமா? அதைச் சொல்லாமல் நூறு ரூபாய் பெட்ரோல் என்றால் எப்படி? 80,000 ரூபாய்க் கடன், மூன்று வருஷம், ஷோரூமில் "பத்து பர்சென்ட்தான் மேடம்" என்பார்கள். அது ஃப்ளாட் வட்டி. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 80,000-க்கும் வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 24,000. மாதத் தவணை 2,900-க்குப் பக்கம். பேங்க் கணக்கில், குறையும் அசலுக்குப் பார்த்தால் அது 18 சதவீத வட்டி. பெட்ரோலோடு இதைக் கூட்டுங்கள், 65 கொடுத்தாலும் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. எனக்கு இந்தத் தலைவலியே இல்லை. வெள்ளை போர்டு பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
வந்துவிட்டார்கள் இலவசக்காரர்கள். வெள்ளை போர்டுக்காக ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நிற்பதைச் சொல்லுங்களேன். மூன்று டீலக்ஸ் போன பிறகு ஒன்று வரும், அதுவும் நிற்காமல் போகும்.

கத்திவாக்கம் கலா:
நிற்காமல் போவது டிரைவர் தப்பு, அதற்கு என்னை ஏன் குத்துகிறீர்கள்? தவணை எவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை. அதிலேயே தெரிகிறது.

காசிமேடு கடலோடி:
நம்ம தொழிலுக்கு வண்டி இல்லாமல் ஆகாதுங்க. விடியற்காலை ஏலத்தில் எடுத்து, பின்னாடி ஐஸ் பெட்டி கட்டி பெரம்பூர் வரைக்கும் போடுகிறேன். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். எனக்கு 40 கொடுத்தால் போதும். பழைய வண்டி, எலெக்ட்ரிக் வாங்கலாமா என்று யோசனை. யாராவது ஓட்டுகிறீர்களா? உப்புத் தண்ணீர் சொட்டினால் பேட்டரி தாங்குமா?

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
பார்த்தீர்களா, உள்ளபடி 40 என்கிறார். இவர்தான் நேர்மையான மனுஷன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அவர் நூறு கிலோ மீன் ஏற்றிக்கொண்டு போகிறார் அண்ணே! என் முதுகில் லேப்டாப் பை மட்டும்தான். எப்படி ஒப்பிடுகிறீர்கள்? எனக்கு இப்போது புரிகிறது. போன வருஷம் உங்கள் கடையில் பின் பிரேக் ஷூ மாற்றினேன், இரண்டே வாரத்தில் கீச்சென்று சத்தம். வேறு கடையில் போய்ச் சரி செய்தேன். அந்தக் கோபம்தான் 65-இன் மேல் இறங்குகிறது.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
ஓ, அந்த நீல வண்டியா? ட்ரம்மில் தேய்மானம் இருக்கிறது, ட்ரம்மோடு மாற்றுங்கள் என்று சொன்னேனா இல்லையா? காசு அதிகம் என்று ஷூவை மட்டும் போடச் சொன்னது யார்? அது மட்டுமா, அன்றைக்கு ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், அரைச் சுற்றில் நின்றது. பிரேக் உரசிக்கொண்டே ஓடிய வண்டி. செயின் தொங்கியது, டயரில் காற்று பாதி. அந்த வண்டியா 65? 42 கொடுத்திருந்தால் ஆச்சரியம். நன்றாக இருக்கிற வண்டி சக்கரத்தை நியூட்ரலில் தட்டிவிட்டால் உரசாமல் தானாகச் சுற்ற வேண்டும். இன்றைக்குப் போய்ச் சுற்றிப் பாருங்கள்.

விம்கோ வாசி:
நான் சொன்ன மெட்ரோவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாதம் இரண்டாயிரம்தான் ஆகிறது. கத்திவாக்கம், எண்ணூர்க்காரர்கள் விம்கோ வரைக்கும் வண்டியில் வந்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஏறலாமே.

கத்திவாக்கம் கலா:
அப்படியென்றால் வண்டியும் வாங்க வேண்டும், மெட்ரோவுக்கும் கட்ட வேண்டும், பார்க்கிங்குக்கும் கட்ட வேண்டும். நல்ல யோசனை சார், உங்கள் வீட்டில் யார் பட்ஜெட் போடுகிறார்கள்?

விம்கோ வாசி:
வீட்டு விஷயம் எதற்கு மேடம்? பழைய வண்டி ஒன்று போதும் என்றுதான் சொன்னேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
கடைசியாகச் சொல்கிறேன். மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது நான் வேறு தெருவில் புகுந்து போய்விடுவேன். உங்கள் பஸ் எங்கே போகும்? கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தாலும் எனக்குச் சந்து பொந்து தெரியும். 65, 45 எதுவாக இருந்தாலும் என் வண்டி என் கையில்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
"65, 45 எதுவாக இருந்தாலும்" என்று இறங்கிவிட்டீர்கள், நல்லது. சந்து பொந்தில் புகுந்தால் மைலேஜ் இன்னும் குறையும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ட்ரெய்லருக்கு இடது பக்கம் ஒட்டிக்கொண்டு புகுந்து போகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். திரும்பும்போது அந்தப் பக்கம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, பின் சக்கரம் உள்ளே வந்து இழுக்கும். மைலேஜ் பேச ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
இறங்கவில்லை. 65-தான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்கள் கண் முன்னால் டேங்க் ஃபுல் செய்து ஓட்டிக் காட்டுகிறேன்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
ஞாயிறு வேண்டாம். திங்கள் காலை எட்டு மணிக்குத் தேரடியில் நிற்கிறேன். நான் பின்னாடி உட்காருகிறேன், கிண்டி வரைக்கும் போவோம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
உங்கள் எடைக்கு எந்த வண்டி 65 கொடுக்கும்?

காசிமேடு கடலோடி:
பேட்டரி பற்றி யாருமே சொல்லலையே அண்ணே.