முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்தேன்

தஞ்சாவூர்க்காரி:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. பொண்ணுக்கு அப்போ ஒன்றேகால் வயசு. ராத்திரி ஆரம்பிச்ச பேதி, விடியறதுக்குள்ள ஏழு தடவை. மெடிக்கல்ல வாங்கின ஓஆர்எஸ் பாக்கெட்டை அப்படியே ஒரு டம்ளர் தண்ணியில கொட்டிக் கலக்கினேன். கெட்டியா இருந்தா தெம்புன்னு நெனப்பு. அது தீர்ந்ததும் இன்னொண்ணு. குடிக்கக் குடிக்க தாகம் அடங்கல. டம்ளரைப் பிடுங்கினா வீல்னு கத்தறா. வயித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், டக்குனு திரும்பிடுச்சு. 'நீர்ச்சத்து நல்லாத்தான் இருக்கு'ன்னு மாமியார்கிட்ட சொன்னேன். மதியம் வெட்டு வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் காலி பாக்கெட்டைக் கொண்டாரச் சொன்னார். திருப்பிப் போட்டு 'ஒரு லிட்டர்'ங்கற இடத்துல விரலை வெச்சார். திட்டக்கூட இல்ல. பொண்ணு இப்ப நல்லா இருக்கா. ஆனா அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மண்பானை:
இதனாலதான் நாங்க பாக்கெட்டே தொடறதில்ல. ஒரு செம்பு தண்ணி, ஒரு கை சீனி, மூணு விரல்ல எடுக்கற உப்பு. எங்க ஆத்தா ஆறு பிள்ளையை அப்படித்தான் தேத்துச்சு. என் பையனுக்கும் போன வருஷம் அதேதான், ரெண்டே நாள்ல எழுந்து ஓடினான்.

ரிட்டையர்டு சிஸ்டர்:
தஞ்சாவூர் தங்கச்சி, கிள்ளிப் பார்த்தது தப்பில்லம்மா, உங்க பொண்ணு விஷயத்துல அது ஏமாத்திடுச்சு. லிட்டர் பாக்கெட்டை 200 மில்லியில கரைச்சா உப்பு அஞ்சு மடங்கு. ரத்தத்துல உப்பு ஏறினா மத்த இடத்துத் தண்ணியை எல்லாம் அது இழுத்துக்கும். அதனால தோல் பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும், கிள்ளினா சுருக்கம் நிக்காது. உள்ளே மூளை காயும். அடங்காத தாகமும் அந்தக் கத்தலும்தான் அங்க அடையாளம். ட்ரிப்ஸ் ஏத்தினாலும் உப்பை மெதுவாத்தான் இறக்கணும், வேகமா இறக்கினா மூளை வீங்கும். எங்க வார்டுல இப்படி ஒரு குழந்தைக்கு ரெண்டு நாள் ஆச்சு.

மண்பானை தம்பி, உங்க ஆத்தா கை வேற, உங்க கை வேற. மூணு விரல்ல வர்ற உப்பு ஆளாளுக்கு மாறும். கல் உப்பா, தூள் உப்பாங்கறதுலயும் எடை மாறும். வீட்டுல கரைச்சா ஒரு லிட்டருக்குத் தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு சீனி, தூள் உப்பு அரை. வாயில விட்டுப் பாருங்க, கண்ணீரை விடக் கரிச்சா கொட்டிடுங்க. பேதியில போற பொட்டாசியம் அதுல கிடையாது, பாக்கெட்ல உண்டு. பாக்கெட் கைக்கு வர்ற வரைக்கும் அது ஓடும்.

கேட்காமலே ஒண்ணு சொல்றேன். ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதும் கால் டம்ளர்ல இருந்து அரை டம்ளர். வாந்தி எடுத்தா நிறுத்திடறாங்க. வேணாம். பத்து நிமிஷம் விட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். தாய்ப்பால், கஞ்சி எதையும் நிறுத்தாதீங்க. கரைச்சதை மறுநாளுக்கு வெக்காதீங்க. குழந்தை துவண்டு போனாலோ, கொடுத்தாலும் குடிக்கலைன்னாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலைன்னாலோ ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு வண்டியை எடுங்க.

கவின் அப்பா:
எங்க கதை வேற. பவுடர் கரிக்குதுன்னு பையன் துப்பினான். கடையில ஓஆர்எஸ்னு போட்ட ஆரஞ்சு டெட்ரா பாக்கெட் இருந்துச்சு, நாலு குடிச்சான். பேதி அதிகமாச்சு. அது வெறும் சர்க்கரைத் தண்ணின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுத்துடுமாம். 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பைப் பார்க்கற எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா பழைய நெனப்புல கேட்டு வாங்கறவங்க இருக்காங்க. சிஸ்டர், இளநீர் கொடுக்கலாம்ல?

சின்னவள் அம்மா:
என் நாலு மாசக் குழந்தைக்கு உச்சி பள்ளமா இருந்துச்சு. உச்சியில எண்ணெய் வெச்சா சரியாயிடும்னு அரை நாள் போக்கிட்டோம். அந்தப் பள்ளம் என்ன சொல்லுதுன்னு யாருமே அப்போ சொல்லல.

ரிட்டையர்டு சிஸ்டர்:
இளநீர் கொடுக்கலாம் தம்பி, ஆனா பாக்கெட்டுக்குப் பதிலா இல்ல. அதுல பொட்டாசியம் இருக்கு, உப்பு போதாது. சின்னவள் அம்மா, அழறபோது இல்லாம, அமைதியா உட்கார வெச்சிருக்கறப்பவும் பள்ளமாத் தெரிஞ்சா தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே போகணும்.

மண்பானை:
சண்டை போட வரல. கடையில வாங்கற ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை இப்பதான் எங்க வீட்டுச் செம்புல ஊத்திப் பார்த்தேன். செம்பு ரொம்பிடுச்சு, பாட்டில்ல இன்னும் கால்வாசிக்கு மேல மிச்சம்.