வாராந்திரப் பதிவு அட்டவணை: பேசி முடிந்த வீட்டுக்கு ‘புதிது’ என்று பதிவு போய்விடுகிறது, உதவி தேவை

புதுச்சாவி:
வணக்கம். தனியாக வேலை செய்யும் வீடு விற்பனை ஏஜென்ட் நான். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டிலும் பதிவு போடுகிறேன். மூன்று மாதமாக ஒரே அட்டவணைதான். திங்கள் சந்தை நிலவரம், செவ்வாய் புது வீடு, புதன் வாங்குபவருக்கு ஒரு குறிப்பு, வியாழன் இன்னொரு புது வீடு, வெள்ளி விற்பவருக்கு ஒரு குறிப்பு, சனி வீடு பார்க்க அழைப்பு. ஞாயிறு மாலை உட்கார்ந்து ஆறையும் எழுதி, Meta Business Suite-இல் நேரம் குறித்து வைத்துவிடுவேன்.

போன வாரம் நடந்தது இது. வெள்ளிக்கிழமை ஒரு வீடு கைக்கு வந்தது. செவ்வாய்க்கு ஏற்கெனவே வேறு வீடு இருந்ததால் இதை வியாழன் காலை 10 மணிக்கு வைத்தேன். புதன் இரவே உரிமையாளர் ஒருவரோடு பேசி முடித்துவிட்டார். வியாழன் காலை நான் வேறொரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது ‘புதிதாக விற்பனைக்கு’ என்று பதிவு தானாகவே போய்விட்டது. மதியம் பார்த்தபோது 14 பேர் விசாரித்திருந்தார்கள். வாங்குவதாக ஒப்புக்கொண்டவரும் அதைப் பார்த்துவிட்டு, “வேறு ஆள் தேடுகிறீர்களா?” என்று உரிமையாளரிடம் கேட்டிருக்கிறார். இருவரையும் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது.

சில வாரங்களில் இதற்கு நேர்மாறு. புது வீடே வராது. அப்போது பழைய வீட்டையே செவ்வாய்க்கிழமை இடத்தில் திரும்பப் போடுகிறேன். அது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. அட்டவணையை எப்படி மாற்றுவது?

மாடிப்படி:
நண்பரே, அட்டவணையில் குறை இல்லை. தினமும் ஒரு பதிவு போக வேண்டும், இடைவெளி விட்டால் நம் பதிவை யாருக்கும் காட்டமாட்டார்கள். நான் ஒரு மாதத்துக்கு மொத்தமாக நேரம் குறித்து வைத்துவிடுவேன். உங்களுக்கு நடந்தது எப்போதாவது நடப்பது. பதிவை நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

நிலைக்கதவு:
எப்போதாவது நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல வீடு சீக்கிரம் போகும். அதனால் இந்த அட்டவணையில் மிக நல்ல வீட்டுக்குத்தான் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பல வருடமாகப் பதிவுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் எங்களுக்கும் இதே கோளாறு இருந்தது.

வீட்டைக் கிழமையோடு கட்டியதுதான் காரணம். ‘வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள்’ என்ற குறிப்பு இந்தப் புதன் போனாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் போனாலும் ஒன்றுதான். வீட்டின் நிலை ஒரே இரவில் மாறும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

நான் செய்வது இப்படி. கிழமை என்பது குறிப்புகளுக்கு மட்டும். வாரத்துக்கு மூன்று இடம் போதும். வீட்டுக்குக் கிழமை கிடையாது, நாள் எண் மட்டும்தான். வீட்டை வெளியிடும் நாள் 0. அன்று ஏழெட்டு படங்களோடு முதல் பதிவு. நாள் 2, வாசலிலிருந்து பின்பக்கம் வரை நடந்துபோகும் ஒரு ரீல். வீடு பார்க்கும் நாளுக்கு முந்தின மாலை ஒரு ஸ்டோரி. பார்த்து முடித்த மறுநாள், வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு பதிவு. ஒரு வீட்டுக்கு இந்த நான்கும் போதும்.

வீட்டுப் பதிவும் குறிப்பும் ஒரே நாளில் மோதினால் குறிப்பு அடுத்த இடத்துக்குத் தள்ளிப் போகும். அதற்காக எட்டுக் குறிப்புகளாவது எழுதி, படத்தோடு தயாராகக் கையில் இருக்க வேண்டும். புது வீடு வராத வாரத்தில் குறிப்புகள் மட்டும் போகட்டும், தவறே இல்லை.

அப்புறம் முக்கியமானது: வீட்டுப் பதிவு எதற்கும் நேரம் குறிக்காதீர்கள். எழுதி டிராஃப்டாக வையுங்கள். அன்று காலை உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையால் வெளியிடுங்கள். நான் ஒரு ஷீட்டில் B-இல் வெளியீட்டுத் தேதி, C-இல் நாள் எண், D-இல் வீட்டின் நிலை, E-இல் உரிமையாளரிடம் கடைசியாகக் கேட்ட தேதி வைத்திருக்கிறேன். F-இல் பதிவு போக வேண்டிய தேதி, G-இல் போடலாமா என்ற பதில்:

```
F2:  =B2+C2
G2:  =IF(AND(D2="விற்பனையில்",E2=TODAY()),"போடலாம்","நிறுத்து")
```

நேற்று கேட்டது இன்றைக்குச் செல்லாது. E-இல் இன்றைய தேதி இல்லையென்றால் ‘நிறுத்து’ என்றுதான் காட்டும். உங்கள் வியாழன் பதிவு அங்கேயே நின்றிருக்கும்.

முற்றம்:
எத்தனை மணிக்குப் போட்டால் நன்றாக ஓடும் என்பதுதானே கேள்வி? நான் வாடகை வீடு மட்டும் பார்க்கிறேன். எனக்கு இரவு சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் விசாரணை வருகிறது. இன்னொன்று, நான் வாடகை வீட்டை ஸ்டோரியில் மட்டும்தான் போடுவேன். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும், போன வீட்டின் பதிவு பக்கத்தில் தங்கி நிற்காது.

புதுச்சாவி:
நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஸ்டோரி யோசனை நன்றாக இருக்கிறது. விற்பனைக்கும் அது போதுமா?

நிலைக்கதவு:
வாடகைக்குச் சரி. விற்பனைக்கு ஸ்டோரி மட்டும் போதாது. வீடு வாங்குபவர் பார்த்த அன்றே முடிவு செய்வதில்லை. பதிவைச் சேமித்து வைத்து, வீட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பி, நான்கு நாள் கழித்து எழுதுவார். அதற்குள் மறைந்திருந்தால் அந்த ஆளை இழந்துவிடுவோம். வீடு பார்க்க அழைப்பது போல ஒரு நாளில் காலாவதியாகும் விஷயத்துக்குத்தான் ஸ்டோரி. அதிலும் காலியான வீடாக இருந்தால் முழு முகவரியைப் போடாதீர்கள். விசாரிப்பவருக்குத் தனியாக அனுப்பலாம்.

மாடிப்படி சொன்னதில் பாதி உண்மை. விட்டு விட்டுப் போட்டால் பார்ப்பவர்களுக்கு நம்மை மறந்துபோகும். ஆனால் இடத்தை நிரப்ப அதே வீட்டை ‘புதிது’ என்று போட்டால், தொடர்ந்து பார்ப்பவர்கள் அடுத்த உண்மையான புது வீட்டையும் தாண்டிப் போய்விடுவார்கள். பழைய வீட்டைத் திரும்பப் போட வேண்டுமென்றால் அதில் ஒரு செய்தி இருக்க வேண்டும். விலை குறைந்திருக்கலாம், பார்க்கும் நாள் மாறியிருக்கலாம், முதல் பதிவில் காட்டாத மொட்டை மாடியைக் காட்டலாம். செய்தி இல்லையென்றால் போட வேண்டாம்.

புதுச்சாவி:
புரிகிறது. திங்கள்கிழமை சந்தை நிலவரத்தையும் கேட்டுவிடுகிறேன். வாரா வாரம் என் பகுதியில் விற்ற வீடுகளின் சராசரி விலையைப் போடுகிறேன். ஒரு வாரம் ஏறுகிறது, மறு வாரம் இறங்குகிறது. ‘போன திங்கள் ஏறியது என்றீர்களே’ என்று கேட்கிறார்கள்.

அளவுகோல்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். விலை மதிப்பீடு என் வேலை. ஒரு வாரத்தில் உங்கள் பகுதியில் எத்தனை வீடு விற்கும்? நான்கைந்து இருக்குமா?

விலைகள் 40, 42, 45, 47, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த அலகானாலும் சரி. சராசரி 44.8. அடுத்த முறை 40, 42, 45, 47, 126. 50-க்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய பங்களா நுழைந்திருக்கிறது. சராசரி 60 ஆகிவிட்டது. ‘விலை கிட்டத்தட்ட 34 சதவீதம் ஏறியது’ என்று நீங்கள் போடுவீர்கள். உண்மையில் சாதாரண வீடு எதன் விலையும் ஏறவில்லை. விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். இரண்டு முறையும் 45தான்.

நடுவிலையும் ஐந்து வீட்டை வைத்துச் சொன்னால் ஆடத்தான் செய்யும். அதனால் மாதம் ஒரு முறை போதும். போன மாதத்தோடு ஒப்பிடுவதைவிடப் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் சில பருவங்களில் எப்போதுமே விற்பனை கூடும், சிலவற்றில் குறையும். எத்தனை வீடுகளை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் படத்திலேயே எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், விலையைவிட ஒரு வீடு வெளியிட்ட நாளிலிருந்து பேசி முடியும்வரை எத்தனை நாள் ஆகிறது என்பது விற்பவருக்கு இன்னும் உபயோகமானது.

மற்ற மூன்று திங்கள்கிழமைகளுக்கு எண்ணே தேவையில்லை. அந்த வாரம் உங்களிடம் போனில் கேட்ட ஒரு கேள்வியை எடுத்துப் பதில் எழுதுங்கள்.

புதுச்சாவி (9 நாள் கழித்து):
செய்து பார்த்தேன், நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய் அன்று ஒரு வீடு வந்தது. படங்கள் வெள்ளிதான் கிடைக்கும் என்பதால் வெள்ளியை நாள் 0 ஆக வைத்தேன். அன்றைக்கு இருந்த குறிப்பு திங்களுக்குப் போனது. ஞாயிறு ரீல். அடுத்த சனி வீடு பார்க்கும் நாள், ஆக வெள்ளி மாலை ஸ்டோரி என்று திட்டம். புதன் காலை கேட்டபோது உரிமையாளர், ஒருவரோடு பேச்சு நடக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றார். D-ஐ மாற்றினேன், ‘நிறுத்து’ வந்தது. டிராஃப்ட் அப்படியே இருக்கிறது. யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டி வரவில்லை, நன்றி அண்ணா.

ஒரு தவறு நடந்தது. பழைய பழக்கத்தில் ரீலுக்கு மட்டும் முன்னதாகவே நேரம் குறித்திருந்தேன். ஷீட்டில் வெளியீட்டுத் தேதியை ஒரு நாள் தள்ளினால் ரீலும் தள்ளும் என்று நினைத்தேன். நல்லவேளை, சனி இரவு பார்த்துவிட்டேன்.

நிலைக்கதவு:
ஆமாம், ஷீட்டுக்கும் Business Suite-க்கும் தொடர்பு கிடையாது. ஷீட்டில் எந்தத் தேதி மாறினாலும் அங்கே போய்க் கையால் மாற்ற வேண்டும். வீட்டுப் பதிவு ஒன்றுகூட நேரம் குறித்த வரிசையில் இருக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். வரிசையில் குறிப்பு மட்டும் இருந்தால், நீங்கள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை.

முற்றம்:
படம் பற்றி ஒன்று சொல்கிறேன். போட்டோ எடுப்பவர் அகலப் படமாகவே தருவார், போனில் அது சின்னதாகத் தெரியும். எடுக்கும்போதே சமையலறையும் முகப்பும் நெடுக்கிலும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பிறகு வெட்டினால் பாதி சமையலறை போய்விடுகிறது.

புதுச்சாவி:
அதைக் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. பேசி முடிந்த வீட்டின் பழைய பதிவை நீக்குவதா, வைத்திருப்பதா?

மாடிப்படி:
நீக்கிவிடுங்கள். இல்லாத வீட்டுக்கு யாரும் எழுதக் கூடாது.

நிலைக்கதவு:
நான் நீக்குவதில்லை. இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை மாற்ற முடியாது, ஆனால் கேப்ஷனைத் திருத்தலாம். முதல் வரியில் ‘பேசி முடிந்தது’ என்று சேர்த்துவிடுவேன். அதற்குப் பிறகும் எழுதுபவர்கள் அதே மாதிரி வீடு தேடுபவர்கள்தான், அவர்களைக் குறித்து வைப்பேன். ஆனால் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ‘விற்றாயிற்று’ என்று போடுவதில்லை. பத்திரம் முடிவதற்குள் பேச்சு முறிவதும் உண்டு.

மாடிப்படி:
கேப்ஷனை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்த்ததும் நேராக விலை கேட்கிறார்கள். எனக்கு அதற்குப் பதில் எழுதுவதே வேலையாகப் போயிற்று, அதனால்தான் நீக்குகிறேன்.

புதுச்சாவி:
அடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றை நீக்கி, ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். எதற்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எண்ணி இங்கேயே சொல்கிறேன்.