6-3 கேட்டேன், 6-4 வந்தது: டாஸ் செய்த வேலை

புல்தரை
லண்டனில் இருக்கிறேன். போன கோடையில் ஒரு புல்தரை ஆட்டத்துக்கு, முதல் செட் சரியாக எந்த ஸ்கோரில் முடியும் என்ற பெட்டுக்குக் கணக்குப் போட்டேன். வலுவான ஆட்டக்காரர் தன் சர்வ் கேமை 90% காப்பாற்றுவார், எதிராளி 80%. இந்த இரண்டு எண்ணை வைத்து என் ஷீட் 6-3-க்கு 28% காட்டியது. அப்படியென்றால் நியாயமான ஆட்ஸ் 3.5. புக்மேக்கரிடம் 6.5 கிடைத்தது. யோசிக்காமல் 100 பவுண்ட் வைத்தேன்.

டாஸில் எதிராளி ஜெயித்து முதலில் சர்வ் போட்டார். செட் 6-4-ல் முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஷீட்டைப் புரட்டினால், என் ஆள்தான் எப்போதும் முதல் சர்வ் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 6-3 வெறும் 6.3%. 6-4 கிட்டத்தட்ட 30%.

காரணம் எளிது. முதலில் சர்வ் போடுகிறவருக்கு 9-வது கேம் சொந்தக் கேம். 5-3 என்று முன்னால் நின்றால் அதைக் காப்பாற்றினாலே 6-3. இரண்டாவதாகப் போடுகிறவர் அதே 5-3-ல் நின்றால் 9-வது கேமில் எதிராளியை உடைக்க வேண்டும்; அது ஐந்தில் ஒரு வாய்ப்பு. உடையாவிட்டால் 5-4, அடுத்தது தன் சர்வ், 6-4. இரண்டு ஸ்கோரையும் கூட்டினால் டாஸ் எப்படி விழுந்தாலும் 36.1% தான். செட்டை யார் ஜெயிப்பார் என்பது மாறவில்லை, எந்த ஸ்கோரில் என்பதுதான் மாறியது. டாஸுக்கு முன் நான் போட்டிருக்க வேண்டிய எண் இரண்டின் சராசரி, 17.3%. அதற்கு நியாயமான ஆட்ஸ் 5.8. ஆக 6.5 கொஞ்சம் லாபமான விலைதான், ஆனால் 100 பவுண்டுக்கு உரியது அல்ல.

ஏஸ்மணி
நான் டை-பிரேக் மட்டும் பார்ப்பேன். 12 கேமும் காப்பாற்றப்பட்டால்தானே 6-6? உங்கள் எண்ணில் 0.9-ஐ ஆறு தடவை, 0.8-ஐ ஆறு தடவை பெருக்கினால் 14%. இந்தக் கணக்கை வைத்துத்தான் 4.5 ஆட்ஸ் வந்தபோதெல்லாம் விட்டுவிட்டேன்.

நடுவர்_ஓய்வு
ஏஸ்மணி தம்பி, பாதி தூரம் சரியாக வந்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு பிரேக் விழுந்தாலும் 6-6 வரும், அதை விட்டுவிட்டீர்கள். 5-5 வரை மட்டும் பாருங்கள். ஒரு பிரேக்கும் இல்லாமல் வருவது 19.3%. ஆளுக்கு ஒன்று விழுந்து சமனாவது 13.4%. ஆளுக்கு இரண்டும் அதற்கு மேலும் சேர்த்து இன்னொரு 1.5%. மொத்தம் 34.3%. அங்கிருந்து அடுத்த இரண்டு கேமும் ஆளுக்கொன்றாகப் போக 74%. பெருக்கினால் 25.4%, ஆட்ஸ் 3.9. நீங்கள் விட்ட 4.5 நல்ல விலை. இதில் டாஸுக்கு வேலையே இல்லை, யார் தொடங்கினாலும் அதே எண்தான்.

புல்தரைக்கு ஒன்று: இரண்டாவது செட்டில் டாஸ் சந்தேகம் கிடையாது. முதல் செட் 6-3 என்றால் 9 கேம், ஒற்றைப்படை. அதைத் தொடங்காதவர் அடுத்ததைத் தொடங்குவார். 6-4 என்றால் தொடங்கியவரே மறுபடி. 7-6-ம் 13 கேம், ஒற்றைப்படைக் கணக்குதான். அந்த நேரத்தில் வைத்தால் சராசரி எடுக்கத் தேவையில்லை.

கோடைமழை
90% சர்வ் என்றால் டை-பிரேக்கும் அவருக்குத்தானே? நான் அப்படி நம்பி இரண்டு தடவை போட்டுத் தோற்றேன்.

நடுவர்_ஓய்வு
இல்லைம்மா. கேமை 90% காப்பாற்ற, சர்வில் புள்ளிகளை 70% ஜெயித்தால் போதும். 80-க்கு 63% அளவு. டை-பிரேக் என்பது ஒவ்வொரு புள்ளியாகப் போவது, அதனால் கேமில் தெரிந்த பெரிய இடைவெளி அங்கே சுருங்கிவிடும். வலுவானவருக்கு 61% பக்கம்தான் வரும். இரண்டு தடவை தோற்றது ஆச்சரியமே இல்லை.

ஏஸ்மணி
சரி அண்ணே. ஆனால் அந்த 90-ஐ எங்கிருந்து எடுப்பது? 2010 விம்பிள்டனில் இஸ்னர், மஹு கடைசி செட் 70-68 வரை போனது. அந்த ஆட்டத்தில் தொடர்ச்சியாக 168 கேம் உடையவில்லை. 90% என்று வைத்தால் அது நடக்கவே நடக்காது.

புல்தரை
நான் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். என் ஆள் அந்தப் பருவத்தில் புல்தரையில் எல்லாரிடமும் 86%. எதிராளி பிறர் சர்வை 16% மட்டுமே உடைப்பவர், பொதுச் சராசரி 20. அந்த 4-ஐக் கூட்டினேன், 90. இஸ்னர் ஆட்டத்துக்கு இது போதாது. 98% என்று வைத்தால்கூட 168 கேம் தாங்க 3% வாய்ப்புதான்.

நடுவர்_ஓய்வு
என் சந்தேகமும் அங்கேதான். 90 என்பது பருவத்தின் சராசரியிலிருந்து எடுத்த எண். ஒரு நாள் 95, ஒரு நாள் 84 என்று ஆடினால், டை-பிரேக் கணக்கு 90-ல் நிற்பதைவிடக் கூடுமா, குறையுமா? முதல் நான்கு கேமில் சர்வ் எத்தனை புள்ளி விட்டது என்று பார்த்து எண்ணைத் திருத்தலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஆட்ஸும் நகர்ந்துவிடுகிறது. யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் எத்தனை புள்ளிக்கு எவ்வளவு திருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.