ஒரு வாரத்தில் 43 லீட், சேர்ந்தது யாருமில்லை. ஃபார்மில் என்ன கேட்பது?

ஈரோட்டு மாஸ்டர்: அவசரமுங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கோச்சிங். ஃபேஸ்புக்கில் லீட் ஃபார்ம் விளம்பரம், தினம் 300 ரூபாய். 43 பேர் ஃபார்மை நிரப்பினார்கள். கூப்பிட்டால் பாதிப் பேர் எடுப்பதில்லை, எடுத்தவர்களும் "எந்த விளம்பரமுங்க?" என்கிறார்கள். என்ன கேள்வி சேர்க்கலாம்?

பழைய கை: ஃபார்மில் இப்போது என்ன கேட்கிறீர்கள்? நேரடி வகுப்பா, ஆன்லைனா? எந்த ஊர்களுக்குக் காட்டுகிறீர்கள்? இதைச் சொல்லாமல் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்கணும்.

சத்தி அக்கா: எப்பக் கூப்பிடறீங்க தம்பி? நான் பத்து நிமிஷத்துக்குள்ள கூப்பிடுவேன்.

காங்கயத்துக்காரன்: ஃபார்மே வேண்டாமுங்க. வாட்ஸ்அப்புக்கு விடுங்க. எங்க தேங்காய் எண்ணெய்க்கு அப்படித்தான் ஆர்டர் வருது.

ஈரோட்டு மாஸ்டர்: பெயர், போன் நம்பர் மட்டும். சனி, ஞாயிறு நேரடி வகுப்பு. தமிழ்நாடு முழுக்க. கூப்பிடுவது மறுநாள் சாயங்காலம்.

பழைய கை: நாகர்கோவில்காரர் ஞாயிற்றுக்கிழமை ஈரோடு வருவாரா? முதலில் ஊரைச் சுருக்குங்க. பெயரும் நம்பரும் அவர்கள் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். இரண்டு தட்டு, லீட் வந்துவிடும். நம்பர் பழைய சிம்மாகவும் இருக்கலாம். ஃபார்ம் வகையை `More volume`-இலிருந்து `Higher intent`-க்கு மாற்றினால், அனுப்பும் முன் விவரத்தை ஒருமுறை சரிபார்க்க வைக்கும். வெளியிட்ட ஃபார்மைத் திருத்த முடியாது, நகல் எடுத்து மாற்றணும்.

"எப்போது சேர விருப்பம்?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "உடனே" என்பார்கள். "சனி, ஞாயிறு காலை 9.30-க்கு ஈரோட்டுக்கு நேரில் வர முடியுமா?" என்று கேளுங்க. விடைகள்: இரண்டு நாளும் வருவேன், ஞாயிறு மட்டும், ஆன்லைன்தான் வேண்டும். மூன்றாவதைத் தொட்டவரைக் கண்டிஷனல் கேள்வி வைத்து வேறு முடிவுப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். அடுத்து, கையால் எழுதும் கேள்வி ஒன்று: "இதற்கு முன் எந்தத் தேர்வு எழுதினீர்கள்?" அது தானாக நிரம்பாது. சும்மா தட்டுபவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

பவானிக்காரர்: ஃபீஸை முதல் பக்கத்திலேயே போடுங்க. வேறெதுவும் வேண்டாம், தானாகச் சலித்துவிடும்.

சத்தி அக்கா: ஃபீஸைப் பார்த்தவுடனே நல்ல பிள்ளைகளும் ஓடிருவாங்க. ரெண்டு தவணையில கட்டலாம்னு போன்ல சொன்னா அவங்களே சேருவாங்க.

பவானிக்காரர்: போன்ல சொன்னா "கடைசியா எவ்வளவுங்க?"னு அரை மணி நேரம் பேரம் பேசறாங்களே, அதை யார் கேட்கிறது?

காங்கயத்துக்காரன்: எண்ணெய்க்கும் அதே பேரம்தானுங்க.

பழைய கை: மாஸ்டர் ஃபீஸ் எவ்வளவு என்றே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் சண்டை.

ஈரோட்டு மாஸ்டர் (ஒன்பது நாள் கழித்து): ஈரோட்டைச் சுற்றி 40 கிலோமீட்டர் வைத்து, இரண்டு கேள்வியும் போட்டேன். ஏழு நாளில் 14 லீட். ஒன்று 49 ரூபாய்க்கு வந்தது இப்போது 150 ஆகிறது, வயிறு எரிகிறது. ஆனால் அன்றன்றே கூப்பிட்டதில் 11 பேர் எடுத்தார்கள், நான்கு பேர் டெமோவுக்கு வந்தார்கள், இரண்டு பேர் பணம் கட்டினார்கள். தேர்வுக் கேள்விக்கு ஒருவர் "ம்ம்" என்று எழுதியிருந்தார், அவரும் கட்டினார்.

பவானிக்காரர்: ஃபீஸ் போட்டீர்களா இல்லையா?

சத்தி அக்கா: கேள்வியால வந்ததா, அன்னைக்கே கூப்பிட்டதால வந்ததா தம்பி?