ஸ்பீடோமீட்டர் முள் எந்த நேரத்து வேகத்தைக் காட்டுகிறது?

இரவுப்பயணி: மகளுக்கு வகைக்கெழு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஒரு கணத்தில் வண்டி நகரவே நகராதே? தூரமும் பூஜ்யம், நேரமும் பூஜ்யம். அப்புறம் முள் எதை வைத்து 40 காட்டுகிறது?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை நீங்கள் யாராவது சந்தித்திருக்கிறீர்களா? எப்படிப் புரியவைத்தீர்கள்?

வேகவிரும்பி: ரொம்பச் சின்ன நேரத்தை எடுத்துக்கொண்டு சராசரி வேகம் கண்டுபிடித்தால் அதுதான் வகைக்கெழு. நான் 0.01 விநாடி என்று வைத்துக்கொள்வேன்.

கணக்கு டீச்சர்: பாதி சரி. என் வகுப்பிலும் பலர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நான் கரும்பலகையில் போடும் கணக்கு இது. நின்ற வண்டி புறப்பட்டு t விநாடியில் t² மீட்டர் போகிறது என்று வைப்போம். 3ஆவது விநாடியில் 9 மீட்டரில் இருக்கும். 3.1இல் 9.61 மீட்டர், அதாவது இடைப்பட்ட சராசரி 6.1. உங்கள் 0.01 விநாடிக்குப் போட்டால் 6.01. இப்போது பின்பக்கமாகப் போங்கள்: 2.9இலிருந்து 3 வரை 5.9, 2.99இலிருந்து 5.99. எவ்வளவு சின்ன இடைவெளி எடுத்தாலும் முன்பக்கச் சராசரி 6க்கு மேலே, பின்பக்கச் சராசரி 6க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற ஒரே எண் 6. விநாடிக்கு 6 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர். அதுதான் வகைக்கெழு. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் யாரும் வகுக்கவில்லை. உங்கள் 6.01 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தூரத்துப்பாதை: என் வண்டியில் மீட்டர் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ் 76தான் காட்டுகிறது. அப்போ எது வகைக்கெழு?

பட்டறைக்காரர்: அது வேறு விஷயம். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று மீட்டரைக் கொஞ்சம் கூட்டியே அமைப்பார்கள். டயர் தேய்ந்தாலும் வித்தியாசம் வரும்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். பழைய முள் மீட்டர்களை நிறையப் பிரித்திருக்கிறேன். உள்ளே கடிகாரமும் கிடையாது, தூரத்தை நேரத்தால் வகுக்கிற எதுவும் கிடையாது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் மூடியிருக்கும். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். சன்னமான சுருள்வில் ஒன்று அதைத் தடுத்து நிறுத்தும். காந்தம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் இழுப்பும் இரண்டு மடங்கு, முள்ளும் இரண்டு மடங்கு விலகும். இடைவெளி எதுவும் எடுக்காமல், அந்த நேரத்து வேகமே விசையாக மாறிவிடுகிறது.

வேகவிரும்பி: டிஜிட்டல் மீட்டரில் காந்தக் கிண்ணம் இல்லையே?

பட்டறைக்காரர்: இல்லை. பல் வைத்த வளையம் சென்சாரைக் கடக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் ஆன நேரத்தை வைத்துக் கணக்குப் போடும். நீங்கள் சொன்ன சின்ன இடைவெளிச் சராசரியேதான். வண்டி ஊர்ந்து போனால் அடுத்த பல் வர நேரமாகும், அதனால் மீட்டர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்ளும்.

கணக்கு டீச்சர்: அப்படியென்றால் பல்லை நெருக்கிக்கொண்டே போனால் 6ஐ எட்டிவிடலாமா?

பட்டறைக்காரர்: முடியாது. பற்கள் துல்லியமாக ஒரே இடைவெளியில் இருக்காது. நெருக்க நெருக்க அந்தப் பிசகே பெரிதாகி எண் துள்ளும். அதனால்தான் பல பற்களைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள்.

இரவுப்பயணி: இதை அவளிடம் சொன்னேன். "முள்ளுக்கும் எடை இருக்கிறதே, திடீரென்று பிரேக் போட்டால் அதுவும் கொஞ்சம் பின்தங்காதா?" என்கிறாள். பட்டறைக்காரர் அண்ணா, அது எவ்வளவு நேரம் பின்தங்கும் என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா?