கழுத்து டியூப் அடைத்துக்கொண்டால் வீட்டில் என்ன செய்தீர்கள்?

ராஜி, பெரியகுளம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூவில் இருந்தார். முதலில் வென்டிலேட்டர், அப்புறம் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைக்கும் டிரக்கியாஸ்டமி. இப்போது தானாக மூச்சு விடுகிறார், டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 7.5 சைஸ் டியூப். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷின் வாங்கியாகிவிட்டது, சக்ஷன் போடவும் அங்கேயே காட்டிக் கொடுத்தார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் “இன்னர் டியூபைத் தினமும் சுத்தம் செய்யவும், அடைப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வரவும்” என்று மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம். அதுவரை என்ன செய்வது? வீட்டில் இதைப் பார்த்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

கண்ணன், திருப்பூர்

என் தம்பிக்கு பைக் விபத்து, தலையில் அடி. டியூபோடுதான் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். அடைப்பே வராமல் இருக்க வழி இருக்கிறது. மணிக்கு ஒருமுறை சக்ஷன் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் 5 மில்லி சலைனை டியூபுக்குள் விட்டு, அவர் இருமும்போது இழுத்துவிட வேண்டும். கட்டிச் சளி கரைந்து வந்துவிடும். சளியை இழுக்கும் மெல்லிய குழாய், அதாவது கதீட்டர், நன்றாக உள்ளே, இருமல் வரும்வரை போகட்டும். ஒன்று முக்கியம்: கதீட்டர் உள்ளே போகும்போது நீங்களும் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டுகிறதென்றால் அவருக்கும் முட்டுகிறது, வெளியே எடுத்துவிடலாம்.

சுமதி (ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்), மதுரை

ராஜிம்மா, கண்ணன் தம்பி கடைசியாகச் சொன்னாரே, மூச்சைப் பிடிப்பது, அது நல்ல வழி. நாங்களும் புதுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். உள்ளே போய் வெளியே வர 10 நொடி, மிஞ்சிப் போனால் 15. மற்றதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

மணி பார்த்து சக்ஷன் போட வேண்டாம். சளி கரகரவென்று சத்தம் கேட்டால், டியூப் வாயில் சளி தெரிந்தால், அவர் இருமியும் வெளியே வராவிட்டால் போடுங்கள். தேவையில்லாமல் போட்டால் மூச்சுக்குழாயின் உட்சுவர் உரசிப் புண்ணாகும். அந்தப் புண்ணே இன்னும் சளியை வரவழைக்கும், ரத்தமும் கசியும். இருமல் வரும்வரை கதீட்டரை விடுவதும் அதே கதைதான். எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் மாற்று டியூபுக்குள் கதீட்டரை விட்டு, நுனி அந்தப் பக்கம் அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7.5 டியூபுக்கு 10 நம்பர் கதீட்டர் போதும், அதுதான் கறுப்புத் தலை உள்ளது. கடையில் பச்சைத் தலை 14 கொடுத்தால் வாங்காதீர்கள். டியூபின் உள்வட்டத்தில் பாதிக்கு மேல் கதீட்டரே அடைத்துக்கொண்டால் பக்கத்தில் காற்று போக இடமிருக்காது. மெஷினைப் போட்டு, ரப்பர் குழாயின் நுனியை விரலால் மூடிப் பாருங்கள், முள் mmHg அளவில் 80க்கும் 120க்கும் நடுவில் நிற்க வேண்டும். உள்ளே விடும்போது இழுப்பு கூடாது, கட்டைவிரல் கதீட்டர் தலையில் இருக்கும் துளையிலிருந்து எடுத்தே இருக்கட்டும். வெளியே எடுக்கும்போதுதான் மூடி, மெல்ல உருட்டிக்கொண்டே எடுக்க வேண்டும்.

அடைப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பாவின் டியூபில் உண்மையிலேயே இன்னர் டியூப் இருக்கிறதா? போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும்.

மீனா, தேவகோட்டை

எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். குயில்லன் பாரே நோய், கைகால் விழுந்து, டியூபோடு வீட்டுக்கு வந்தார். சித்திரை வெயில் நேரம். டியூப் வாயில் மாட்டும் ஈரப்பதம் காக்கும் ஃபில்டர் சளியில் நனைந்துவிட்டதென்று கழற்றி வைத்திருந்தார்கள், வேறு மாட்டவில்லை. மேலே ஃபேன் முழு வேகம். மத்தியானம் சளி பசை மாதிரி கதீட்டரில் ஒட்டிக்கொண்டு வந்தது. பொழுது சாய்ந்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய விசில் சத்தம்.

ஹோம் நர்ஸ் அக்கா கதீட்டரை விட்டார், பாதியிலேயே முட்டி நின்றது. மறுபடி விட்டார், மறுபடி முட்டியது. ஆக்சிமீட்டரில் 94 காட்டியது, அதனால் பயமில்லை என்றார். ஆனால் அம்மாவின் தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது, நெற்றியெல்லாம் வியர்வை, கையால் படுக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எண் 80க்கு இறங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் தம்பிதான் வெளி டியூபின் தகட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, இன்னர் டியூபின் பூட்டைத் திருப்பி, கீழ்நோக்கி வளைத்தாற்போல் வெளியே இழுத்தான். அந்த நொடியே மூச்சு வந்துவிட்டது. எடுத்த டியூபின் கீழ் நுனியில் பழுப்பு நிறத்தில், காய்ந்த பிசின் உருண்டை போல ஒன்று. கதீட்டரால் அதைத் துளைக்கவே முடியாது, மேலும் உள்ளேதான் தள்ளியிருக்கும். கழுவிக் காயவைத்த இன்னொரு இன்னர் டியூப் மூடி போட்ட டப்பாவில் இருந்தது, அதைப் போட்டுப் பூட்டினோம்.

தினம் இரண்டு முறை எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதன்பிறகு நாங்கள் வெயில் காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவோம். ஃபில்டர் இல்லாத நேரத்தில் டியூப் வாய்க்கு முன்னால் ஈரத் துணி ஒரு மடிப்பு. ஃபேனை நேராக வைப்பதில்லை.

சண்முகம், நாகர்கோவில்

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை மட்டும்தான், முதலில் கொஞ்ச நாள் டியூப் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அடைத்தால் துளையில் சளியைத் துடைத்தால் சரியாகிவிடும். ஒருமுறை ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள், நான் சத்தம் போட்டுக் கழுத்துக்கு மாற்ற வைத்தேன். எல்லோரும் அப்படிச் சொல்லுங்கள்.

சுமதி, மதுரை

சண்முகம் ஐயா, உங்கள் அண்ணனுக்கு நீங்கள் செய்தது முழுக்கச் சரி. அவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது, மூச்சு கழுத்துத் துளை வழியாக மட்டும்தான். அந்தத் துளையை யாராவது மூடினால் ஆள் போய்விடுவார். ஆனால் ராஜியின் அப்பா வேறு. அவருக்கு மேல்வழி இருக்கிறது. டியூப் அடைத்தாலோ வெளியே வந்தாலோ வாய் வழியாகவும் காற்று போக வாய்ப்பு உண்டு. அதனால்தான் அவருக்கு ஆக்சிஜனை வாயிலும் கழுத்திலும் இரண்டு இடத்திலும் காட்டச் சொல்வோம். இதைப் படிக்கும் எல்லோருமே உங்கள் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்: “டியூப் இல்லாவிட்டால் இவருக்கு வாய் வழியாக மூச்சு போகுமா?”

ராஜி, பெரியகுளம்

சிஸ்டர், பார்த்துவிட்டேன். திருப்பவோ கழற்றவோ எதுவும் இல்லை. வெள்ளை நிற வாய் டியூபோடு ஒட்டியே இருக்கிறது. பக்கத்தில் மெல்லிய குழாயில் ஒரு சின்ன பலூன் தொங்குகிறது, அழுத்தினால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. இத்தனை நாள் எதைக் கழுவ வேண்டும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தோம்.

சுமதி, மதுரை

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தாள் எல்லோருக்கும் பொதுவாக அடித்தது, உங்களுக்குப் போட்டிருப்பது ஒற்றைக் குழாய். மீனா வீட்டில் செய்த மாதிரி உள்குழாயை உருவ உங்களுக்கு வழியில்லை. அதனால் உங்கள் வரிசை வேறு.

தொங்கும் பலூன் இறுக்கமாக இருந்தால், உள்ளே டியூபைச் சுற்றி இருக்கும் காற்றுப் பையும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அது நிறைந்திருக்கும்போது டியூப் அடைத்தால் பக்கத்தில் கூட காற்று போகாது. சாதாரண நாளில் அதில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், இறக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கவாதக்காரர்களுக்கு எச்சில் உள்ளே இறங்கும் பயம் இருக்கிறது. ஆனால் மூச்சு நின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு கிடையாது.

மூச்சு முட்டுகிறதா, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறதா, டியூப் வாயில் கையை வைத்தால் காற்று படவில்லையா, உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒருவர் 108க்கு அடித்து “கழுத்தில் டியூப், அடைத்துவிட்டது” என்று சொல்லட்டும். டியூப் வாயில் ஃபில்டரோ மூடியோ இருந்தால் பிய்த்தெறியுங்கள், சில நேரம் அடைப்பு அங்கேயேதான் இருக்கும். கதீட்டரை விட்டுப் பாருங்கள். கோடு வரை தடையில்லாமல் போனால் சளியை இழுத்துவிடலாம். முட்டி நின்றால் திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம், கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை டியூபில் வைத்து அழுத்தவும் வேண்டாம். 10 மில்லி சிரிஞ்சைத் தொங்கும் பலூனில் மாட்டிக் காற்று முழுவதையும் இழுத்துவிடுங்கள். இதிலேயே பலருக்குப் பக்கவாட்டில் மூச்சு கிடைத்துவிடும். கிடைத்தால் அப்படியே ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

அதிலும் மூச்சு வரவில்லை என்றால் அடைத்த டியூபை உள்ளே வைத்திருப்பதில் பயனில்லை. நாடாவை வெட்டி டியூபை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் முதலில் பார்க்க வேண்டியது, துளை வழியாகவோ வாய் வழியாகவோ தானாக மூச்சு வருகிறதா என்பது. மாற்று டியூப் போடுவது பழக்கிக் கொடுத்தவர்கள் மட்டும், அதுவும் துளை ஆறி, டாக்டர் ஒருமுறையாவது டியூப் மாற்றிய பிறகுதான். அதே சைஸ் போகாவிட்டால் ஒரு சைஸ் சிறியது. எந்த நிலையிலும் பலவந்தமாகத் தள்ளக் கூடாது, சதைக்குள் வேறு பாதையில் போய்விடும். மூச்சே இல்லையென்றால் துளையைக் காஸால் மூடிக்கொண்டு வாய் வழியாகக் காற்றுக் கொடுங்கள். சண்முகம் ஐயாவின் அண்ணன் போன்றவர்களுக்கு மட்டும் துளை வழியாக.

இந்த வாரமே ஈஎன்டி ஓபிக்குப் போய், “டியூப் மாற்றும்போது உள்குழாய் உள்ளதாகப் போட முடியுமா, மாற்று டியூப் போடுவதை எங்கள் கையால் ஒருமுறை செய்ய விடுவீர்களா” என்று கேளுங்கள். கட்டில் பக்கத்தில் 7.5 ஒன்று, 7 ஒன்று, ஜெல்லி, கத்தரி, சிரிஞ்ச், டார்ச் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

பிரபு, விருத்தாசலம்

கரண்ட் போனால் சக்ஷன் மெஷின் வெறும் டப்பா. காலால் மிதிக்கும் சக்ஷன் பம்ப் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். எங்கள் மாமாவுக்கு மெட்டல் டியூப், இரண்டு அடுக்கு. உள்குழாயைப் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, அப்புறம் கொதிக்க வைப்போம். முதலிலேயே கொதிநீரில் போட்டால் சளி வெந்து இன்னும் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கையும் கொதிக்க வைக்கலாமா சிஸ்டர்?

சுமதி, மதுரை

வேண்டாம் பிரபு, பெரும்பாலான பிளாஸ்டிக் டியூப் வளைந்துவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீர், பிரஷ், நன்றாக உதறிக் காயவைப்பது போதும்.

கண்ணன், திருப்பூர்

சிஸ்டர் சொல்வதை மதிக்கிறேன், கதீட்டர் ஆழத்தை இனி கோடு போட்டு வைத்துக்கொள்கிறேன். ஆனால் சலைன் விடாத நாளில் தம்பிக்குச் சளி வருவதே இல்லை, இது கண்ணால் பார்த்தது.

சுமதி, மதுரை

இதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, தம்பி. நான் பார்த்தவரை ஊற்றும் சலைனில் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை. அதையே 3 மில்லி நெபுலைசரில் வைத்து, கழுத்து மாஸ்க் வழியாகக் காலை மாலை கொடுத்துப் பாருங்கள், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

ராஜி, பெரியகுளம்

வியாழக்கிழமை ஈஎன்டி ஓபி. 7 சைஸ் இங்கே மருந்துக்கடையில் இல்லை, தேனியில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவின் தொங்கும் பலூனில் எவ்வளவு காற்று என்று கேட்க வேண்டியதையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.